சரிவுக் கூரையில் சோலார் பேனல்: பரப்பைக் கணிக்க வரைபடமா, செயற்கைக்கோள் படமா, டேப்பா?

ஓட்டு வீட்டின் கூரையில் சோலார் பேனல் போட விலை விசாரிக்கும்போது, பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி "கூரை எத்தனை சதுர அடி?" என்பதுதான். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் 10 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும் என்ற கணக்கைத் துறையில் உள்ளவர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் சொல்லும் பரப்பை அதனால் வகுத்தால் முடிந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. மட்டமான தளத்துக்கு அந்த வகுத்தல் ஓரளவு சரியாக வரும். சரிவுக் கூரைக்கு அந்தப் பரப்பை எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை வெகுவாக மாறுகிறது. பரப்பைச் சரியாக எடுத்த பிறகும் எத்தனை பேனல் உட்காரும் என்பது தனிக் கணக்காகவே நிற்கிறது.

பரப்பைக் கணிக்க மூன்று வழிகள் உண்டு. வீட்டின் வரைபடத்தில் உள்ள அளவுகளை எடுத்துச் சரிவால் திருத்துவது ஒன்று. செயற்கைக்கோள் படத்தில் கூரையின் ஓரங்களைச் சுட்டி அளந்து, அதையும் சரிவால் திருத்துவது மற்றொன்று. டேப்பை எடுத்துச் சரிவின் நீளத்தையே நேரடியாக அளப்பது மூன்றாவது. எதை எப்போது நம்பலாம் என்பதை ஒரே வீட்டை வைத்துப் பார்ப்போம்.

நாகர்கோவில் பக்கத்தில் பரவலாகக் காணப்படும் மங்களூர் ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் அளவு 12 மீட்டருக்கு 8 மீட்டர். முகடு கிழக்கு மேற்காக ஓடுகிறது, ஆகவே ஒரு சரிவு தெற்கையும் மற்றது வடக்கையும் பார்க்கிறது. சுவரைத் தாண்டி நான்கு புறமும் 60 சென்டிமீட்டர் தாவாரம் நீண்டிருக்கிறது. கிடையாக ஒரு மீட்டர் போனால் அரை மீட்டர் ஏறும் சரிவு, அதாவது ஏறத்தாழ 26.6 பாகை.

தகரக் கூரை போட்ட தொழிற்கூடம் வைத்திருப்பவர்கள் இந்தக் கவலையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். அங்கே சரிவு 5 பாகையிலிருந்து 10 பாகை வரை இருப்பது வழக்கம். 10 பாகைச் சரிவில் உண்மையான பரப்பு வரைபடப் பரப்பைவிட ஒன்றரை விழுக்காடு மட்டுமே கூடும், அந்த வித்தியாசம் டேப் பிடிக்கும் பிழையிலேயே கரைந்துவிடும். சரிவு 15 பாகையைத் தாண்டும்போதுதான் திருத்தத்துக்குப் பொருள் உண்டாகிறது. 20 பாகையில் 6 விழுக்காடும் 30 பாகையில் 15 விழுக்காடும் பரப்பு கூடுகிறது.

வரைபட அளவும் சரிவும்

வரைபடம் என்பது மேலிருந்து பார்த்த தோற்றம். சரிந்து கிடக்கும் பரப்பு அதில் சுருங்கித் தெரியும். முகட்டிலிருந்து தாவாரம் வரையிலான கிடைத் தூரம் தெரிந்து, அந்தத் தூரத்தில் கூரை எவ்வளவு உயர்கிறது என்பதும் தெரிந்தால், செங்கோண முக்கோணத்தின் கர்ணமே சரிவின் நீளம். நம் வீட்டில் சுவரின் அகலத்தில் பாதி 4 மீட்டர், தாவாரம் 0.6 மீட்டர், ஆகக் கிடைத் தூரம் 4.6 மீட்டர். விரிதாளில் இப்படி எழுதலாம்:

```
=4.6*SQRT(1+0.5^2)
```

விடை 5.14 மீட்டர். பெருக்கும் எண், அதாவது சரிவுக் காரணி, 1.118. கூரையின் நீளம் இரு பக்கத் தாவாரத்தையும் சேர்த்து 13.2 மீட்டர் என்பதால், தெற்குச் சரிவின் பரப்பு 67.9 சதுர மீட்டர். இரண்டு சரிவும் சேர்ந்து 135.8 சதுர மீட்டர்.

கணக்கில் கடினம் ஏதுமில்லை, அதில் எந்த அளவை இடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் சுவர்களின் அளவே தெளிவாக எழுதப்பட்டிருக்கும். தாவாரம் புள்ளிக்கோடாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 12க்கு 8 என்று எடுத்தால் வரைபடப் பரப்பு 96 சதுர மீட்டர். தாவாரத்தோடு எடுத்தால் 121.4 சதுர மீட்டர். வித்தியாசம் 26 விழுக்காடு. சரிவை அடியோடு மறந்தால் ஏற்படும் பிழையோ 12 விழுக்காட்டுக்கும் குறைவு. சரிவுக் காரணியை மூன்று தசம இடம் வரை கணக்கிட்டுவிட்டுத் தாவாரத்தை விட்டுவிடும் அறிக்கைகள் இதனால்தான் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகின்றன.

சரிவை அறிய உயரமான ஏணி தேவையில்லை. ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தின் ஒரு முனையைக் கைமரத்தின் அடிப்புறத்தில் ஒட்டி வைத்து, குமிழி நடுவில் நிற்குமாறு மட்டமாகப் பிடிக்க வேண்டும். மறுமுனைக்கு நேர் மேலே கைமரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செங்குத்தாக அளந்தால், அந்த எண்ணே சரிவு. நம் வீட்டில் 50 சென்டிமீட்டர் வரும். கைப்பேசியில் உள்ள சாய்வுமானியையும் பயன்படுத்தலாம், ஆனால் அதை ஓட்டின் மேல் வைக்கக் கூடாது. ஒவ்வோர் ஓடும் கீழே உள்ள ஓட்டின் தலைப்பில் ஏறி உட்காருவதால் அதன் வால்புறம் சற்றுத் தூக்கியிருக்கும், ஆகவே ஓட்டின் சாய்வு கைமரத்தின் சாய்வைவிடக் குறைவாகவே காட்டும். கைமரத்தின் அடியில் வைப்பதே சரி, அது முடியாவிட்டால் பல ஓடுகளின் மேல் படுக்கும் நீளமான நேர்க்கட்டையின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

பழைய கட்டடங்களின் வரைபடங்களில் இன்னொரு பொறி உண்டு. சிலர் உயரத்தை அரை அகலத்தால் வகுத்துச் சரிவு என்று எழுதுவார்கள், சிலர் முழு அகலத்தால் வகுத்து எழுதுவார்கள். நம் வீட்டில் முகட்டின் உயரம் தாவார மட்டத்திலிருந்து 2.3 மீட்டர். அதை 4.6ஆல் வகுத்தால் 1/2, 9.2ஆல் வகுத்தால் 1/4. வரைபடத்தில் 1/4 என்று இருப்பதைப் பார்த்து அப்படியே சூத்திரத்தில் இட்டால் காரணி 1.031 என்றே வரும், சரிவின் நீளம் 40 சென்டிமீட்டர் குறைந்துவிடும். குறுக்கு வெட்டுப் படத்தில் முகட்டின் உயரத்தையும் தாவாரத்தின் உயரத்தையும் தனித்தனியே பார்த்துக் கழித்துக்கொள்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். பாகையும் விழுக்காடும் கலந்து போவதும் இப்படியே. 50 விழுக்காடு சரிவு என்பது 26.6 பாகை, 50 பாகை அல்ல.

எந்த அளவில் எவ்வளவு கவனம் தேவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தச் சரிவில் கோணம் ஒரு பாகை தவறினால் சரிவின் நீளம் ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர்தான் மாறும். கிடைத் தூரம் 20 சென்டிமீட்டர் தவறினால் நீளம் 22 சென்டிமீட்டர் மாறும். கோணத்தை அரைப் பாகை நுட்பத்தில் அளக்கக் கருவி தேடுவதைவிட, தாவாரம் எங்கே முடிகிறது என்பதை ஒழுங்காக அளப்பது பயனுள்ளது.

மேலிருந்து எடுத்த படம்

வரைபடமே கையில் இல்லாத பழைய வீடுகளுக்குச் செயற்கைக்கோள் படம் கைகொடுக்கும். வரைபடத்தில் விடுபட்ட தாவாரம் அதில் தெரியும் என்பது அதன் பெரிய வசதி. திசையும் சரியாகத் தெரியும். வீட்டுக்காரர் "தெற்குப் பார்த்த கூரை" என்று சொன்னது உண்மையில் தென்மேற்காக இருப்பதைப் படம் உடனே காட்டிவிடும்.

ஆனால் அதில் அளக்கும் பரப்பும் மேலிருந்து பார்த்த பரப்பே. கூகுள் எர்த் போன்றவற்றில் கூரையைச் சுற்றிக் கோடு வரைந்தால் வரும் எண்ணைச் சரிவுக் காரணியால் பெருக்கியே ஆக வேண்டும். சரிவு எவ்வளவு என்பதைப் படம் சொல்லாது, அதற்கு யாராவது வீட்டுக்குப் போயாக வேண்டும். கூரையின் ஓரமும் கூர்மையாகத் தெரிவதில்லை. செயற்கைக்கோள் நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டிலிருந்து எடுத்த படமாக இருந்தால் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்து, சுவரின் ஒரு பகுதியும் கூரையோடு சேர்ந்து தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னை மட்டைகள் கூரையின் ஓரத்தைப் பாதி மறைத்திருக்கும். ஒவ்வோர் ஓரத்திலும் 20 சென்டிமீட்டர் தவறுவது எளிது. பெரிய கிடங்குக்கு அது ஒன்றுமே இல்லை, 9 மீட்டர் அகலமுள்ள வீட்டுக்கு அது பெரிது.

நிழல் விஷயத்திலும் படத்தை அளவோடுதான் நம்ப வேண்டும். அது ஆண்டின் ஒரு நாளில், பெரும்பாலும் முற்பகலில் எடுக்கப்பட்டது. நாகர்கோவில் ஏறத்தாழ 8.2 பாகை வட அகலாங்கில் இருப்பதால், டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் சூரியன் உச்சியிலிருந்து 31 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்திருக்கும். தாவார மட்டத்துக்கு மேல் 12 மீட்டர் உயர்ந்து நிற்கும் தென்னை ஒன்று வீட்டுக்குத் தெற்கே இருந்தால், அந்த நண்பகலில் அதன் நிழல் அதே மட்டத்தில் ஏழு மீட்டருக்கு மேல் வடக்கே நீளும். ஏப்ரலில் எடுத்த படத்தில் இது தெரியாது. எங்கே மரம் இருக்கிறது என்பதைக் காட்டப் படம் போதும், அதன் நிழல் எங்கே விழும் என்பதற்கு மரத்தின் உயரமும் தூரமும் வேண்டும்.

டேப்பும் ஓட்டு வரிசையும்

நேரடியாக அளப்பதில் சரிவுக் காரணியே தேவைப்படாது. தாவார விளிம்பிலிருந்து முகடு வரை கைமரத்தின் வழியாக டேப்பைப் பிடித்தால் 5.14 என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் ஓட்டின் மேல் ஏறி நடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வயதான ஓடு காலடியில் விரிசல் விடும், அடுத்த மழையில்தான் அது தெரியவரும். மழைக்காலத்தில் பாசி படிந்த ஓடு வழுக்கவும் செய்யும்.

ஏறாமலே அளக்க ஒரு வழி இருக்கிறது. ஓடுகள் ரீப்பர் கட்டைகளில் கொளுவி நிற்பதால், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலான தூரம் ரீப்பர்களின் இடைவெளியே. மச்சிலோ தாவாரத்தின் அடியிலோ நின்று பத்து ரீப்பர்களுக்கான தூரத்தை மொத்தமாக அளந்து பத்தால் வகுத்தால் இடைவெளி துல்லியமாகக் கிடைக்கும். பிறகு முற்றத்தில் நின்று தாவாரத்திலிருந்து முகடு வரை ஓட்டு வரிசைகளை எண்ண வேண்டும். நம் வீட்டில் இடைவெளி 32 சென்டிமீட்டர், வரிசைகள் 16 என்று வைத்துக்கொண்டால் 5.12 மீட்டர் வருகிறது. வரைபடக் கணக்கின் 5.14 மீட்டரோடு இது ஒத்துப்போவதால் இரண்டையும் நம்பலாம். இரண்டுக்கும் இடையே 15 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் தாவாரத்தின் அளவோ சரிவின் அளவோ தவறியிருக்கும், அல்லது முகட்டின் அருகே வரிசை நெருங்கியிருக்கும்.

பரப்பிலிருந்து பேனலுக்கு

இந்த மூன்று வழிகளில் எதைத் தேர்வது என்பது, கிடைத்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. 67.9 சதுர மீட்டரைப் பத்தால் வகுத்தால் 6.8 கிலோவாட். உண்மையில் எவ்வளவு வரும் என்று பார்ப்போம்.

இப்போது பரவலாகக் கிடைக்கும் 550 வாட் பேனல் ஒன்றின் அளவு ஏறத்தாழ 2.278 மீட்டருக்கு 1.134 மீட்டர். பேனலுக்குப் பேனல் 2 சென்டிமீட்டர் இடைவெளி. முகட்டோட்டைக் கழற்றி மாட்டவும் காற்றின் இழுப்பைத் தவிர்க்கவும் முகட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் விடுகிறோம். பேனலிலிருந்து வழியும் மழைநீர் பீலியைத் தாண்டிப் பாயாமலிருக்கத் தாவாரத்திலிருந்து 40 சென்டிமீட்டர் விடுகிறோம். இரு முனைகளிலும் சுவருக்கு வெளியே நீட்டிய 60 சென்டிமீட்டரில் பேனல் வைப்பதில்லை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் காற்று மேல்நோக்கி இழுக்கும் விசை அதிகம் என்று இந்தியத் தர ஆவணம் 875இன் மூன்றாம் பகுதியே கணக்கில் கொள்கிறது. இங்கே நான் எடுத்த அளவுகள் எடுத்துக்காட்டுக்கே, உங்கள் வீட்டுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் இன்னும் கூட்டச் சொல்லலாம்.

ஆக மிஞ்சுவது 12 மீட்டர் நீளமும் 4.44 மீட்டர் சரிவு உயரமும் கொண்ட செவ்வகம். பேனலை நெடுக்காக நிறுத்தி இரண்டு வரிசை வைக்க 4.58 மீட்டர் வேண்டும். இருப்பது 4.44. பதின்மூன்று சென்டிமீட்டர் போதவில்லை. படுக்கையாக வைத்தால் மூன்று வரிசைக்கு 3.44 மீட்டர் போதும், ஒரு வரிசைக்கு ஐந்து பேனல், ஆக 15 பேனல், 8.25 கிலோவாட். அந்தப் பதின்மூன்று சென்டிமீட்டர் இருந்திருந்தால் நெடுக்காக வரிசைக்குப் பத்து வீதம் 20 பேனல், 11 கிலோவாட் வந்திருக்கும்.

10 சதுர மீட்டர்க் கணக்கு சொன்ன 6.8 கிலோவாட் இரண்டுக்கும் பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கணக்கு மட்டமான தளத்தில் பேனலைச் சாய்த்து நிறுத்தி, ஒரு வரிசையின் நிழல் அடுத்ததில் விழாமல் இடைவெளி விடும் நிலைக்கு வசதியாக இருக்கும். கூரையோடு ஒட்டிச் சாய்ந்து கிடக்கும் பேனல்களுக்கு வரிசைகளுக்கிடையே நிழல் இடைவெளி தேவையில்லை. இங்கே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சரிவின் நீளத்தில் முழு வரிசை எத்தனை அடங்கும் என்பதே. பரப்பு சீராகக் கூடிக் குறையும், பேனல் எண்ணிக்கையோ வரிசை வரிசையாகத் தாவும்.

இப்போது செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பியவரைப் பார்ப்போம். தாவாரம் முதல் தாவாரம் வரை உண்மையில் 9.2 மீட்டர். ஓரங்கள் மங்கலாக இருந்ததால் அவர் 9.6 என்று எடுத்துவிட்டார். பாதி 4.8, சரிவின் நீளம் 5.37, ஒதுக்கியது போக 4.67 மீட்டர். இரண்டு நெடுக்கு வரிசை தாராளமாக அடங்கும் என்று அவர் கணக்கில் வருகிறது. 20 பேனலுக்கும் அதற்கான தாங்கிச் சட்டங்களுக்கும் சொல்லிவிட்டு, வேலையாட்கள் கூரையில் ஏறிய அன்றுதான் இடம் போதாதது தெரியும். அப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்: முகட்டிலும் தாவாரத்திலும் விட வேண்டிய இடத்தைத் தின்று எப்படியோ பொருத்திவிட்டுப் போவார்கள். முகட்டோடு ஒட்டி நிற்கும் பேனல் வரிசையைப் பார்த்தால் அங்கே யாரோ அளவில் தவறியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

கோணத்தில் பெரிதாகத் தவறினாலும் இதே கதைதான். 26.6 பாகையை 30 என்று படித்தால் சரிவின் நீளம் 5.31 மீட்டராகி, இல்லாத வரிசை இருப்பதாகத் தோன்றும். ஆகவே கணக்கிட்ட நீளம் ஒரு வரிசைக்குத் தேவையான நீளத்துக்கு 20 சென்டிமீட்டர் முன்பின்னாக இருந்தால், எந்த முறையில் கணக்கிட்டிருந்தாலும் ரீப்பரை எண்ணாமல் ஆர்டர் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. தள்ளித் தெளிவாக இருந்தால் வரைபடமே போதும்.

சிறிய பேனல் வாங்கினால் தப்பிக்கலாமா என்ற கேள்வி இயல்பாக எழும். 1.722 மீட்டருக்கு 1.134 மீட்டர் அளவில் 410 வாட் பேனல்கள் உண்டு. நெடுக்காக இரண்டு வரிசைக்கு 3.46 மீட்டர் போதும், ஆகவே 20 பேனல், 8.2 கிலோவாட். படுக்கையாக வைத்த பெரிய பேனல்களின் 8.25க்கு ஏறத்தாழ சமம். லாபம் இல்லை, இணைப்புகள் மட்டும் ஐந்து கூடும்.

நாற்சரிவுக் கூரை என்றால்

இதே சுவர், இதே தாவாரம், இதே சரிவு. ஆனால் முக்கோணச் சுவர்கள் இல்லாமல் நான்கு புறமும் சரியும் கூரை. மொத்தப் பரப்பு மாறாது: எல்லாப் பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் வரைபடப் பரப்பைக் காரணியால் பெருக்கினால் போதும், 135.8 சதுர மீட்டரே வரும். கணக்காக இது அழகானது, திட்டமிடலுக்கு இது ஏமாற்றுவது. தெற்குச் சரிவு இப்போது செவ்வகம் அல்ல, அடியில் 13.2 மீட்டரும் முகட்டில் 4 மீட்டரும் உள்ள சரிவகம். அதன் பரப்பு 44.2 சதுர மீட்டர். கிழக்கிலும் மேற்கிலும் 23.7 சதுர மீட்டர் முக்கோணங்கள்.

பேனல் செவ்வகமானது என்பதால் ஒவ்வொரு வரிசையின் மேல் விளிம்பில் இருக்கும் அகலத்தைத்தான் பார்க்க வேண்டும். மூலைக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் விட்டுக் கணக்கிட்டால், படுக்கையாக முதல் வரிசையில் 4, அடுத்ததில் 3, மூன்றாவதில் 2 என்று 9 பேனல்தான் அடங்குகிறது. நெடுக்காக வைத்தால் ஒரே வரிசையில் 6. ஆக, இரு சரிவுக் கூரையில் 15 பேனல் ஏறிய தெற்குப் பக்கத்தில் இங்கே 9, அதாவது 4.95 கிலோவாட். முக்கோணங்களில் ஒவ்வொன்றிலும் 3 பேனல் வைக்கலாம். அதையும் சேர்த்தால் 15 ஆகிறது, ஆனால் மூன்று திசைகளைப் பார்க்கும் பேனல்களை ஒரே தொடராக இணைக்கக் கூடாது. இன்வெர்ட்டரில் திசைக்கொரு தனி உள்ளீடு வேண்டும், வீட்டுக்கான சிறிய இன்வெர்ட்டர்களில் அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மூன்று பேனலுக்காக இந்தச் செலவு செய்வது பெரும்பாலும் பொருந்தாது.

மொத்தக் கூரைப் பரப்பை மட்டும் கேட்டு விலை சொல்பவரிடம் நாற்சரிவு வீட்டுக்காரர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இதனால்தான்.

வடக்குச் சரிவைக் கணக்கில் சேர்க்கலாமா

மொத்தம் 135.8 சதுர மீட்டர் என்பதில் பாதி வடக்கைப் பார்க்கிறது. நம் தெற்கு மாவட்டங்களில் அது அடியோடு வீணான பரப்பு அல்ல, ஜூனில் சூரியன் வடக்கே போகும்போது அதுவே நன்றாக வெயில் வாங்கும். நாகர்கோவிலில் ஜூன் நண்பகலில் நேரடி வெயிலின் 98 விழுக்காடு வடக்குச் சரிவின் முகத்தில் விழும், தெற்குச் சரிவில் 74 விழுக்காடு. டிசம்பரில் நிலை தலைகீழாகித் தெற்கில் ஏறக்குறைய முழுமையும் வடக்கில் 53 விழுக்காடும் விழும். ஆனால் வடக்குச் சரிவுக்கு உகந்த ஜூன், கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையின் மேகம் மூடிய மாதம். வானம் தெளிந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் தெற்கே இருக்கிறது. ஆகவே தெற்குச் சரிவு நிறைந்த பிறகே வடக்கை நினைக்க வேண்டும்.

முகடு வடக்கு தெற்காக ஓடும் வீட்டில் இந்தச் சிக்கல் குறைவு. கிழக்குச் சரிவு காலையிலும் மேற்குச் சரிவு மாலையிலும் தரும், நண்பகல் உச்சம் சற்றுத் தாழும், ஆனால் நாள் முழுவதும் மின்சாரம் பரந்து வரும். பிற்பகலில் மேகம் திரளும் மாதங்களில் கிழக்குச் சரிவு முந்திக்கொள்ளும். ஒன்றை மட்டும் தேர்வதானால் நான் கிழக்கைத் தேர்வேன்.

இனித் தேவையைப் பார்ப்போம். 2024இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கான மத்திய மானியம் 3 கிலோவாட்டில் 78,000 ரூபாயை எட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால் பல குடும்பங்கள் 3 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அது 550 வாட் பேனலில் ஆறு. நம் இரு சரிவு வீட்டிலும் நாற்சரிவு வீட்டிலும் ஆறு பேனல் தெற்குப் பக்கத்தில் தாராளமாக அடங்கும். இவர்களுக்கு வரைபட அளவும் ரசமட்டமும் போதும், செயற்கைக்கோள் படத்தை மரத்துக்காக ஒரு முறை பார்த்தால் சரி. சதுர மீட்டரைத் தசம இடம் வரை துரத்த வேண்டியதில்லை.

கூரை கொள்ளும் மட்டும் நிரப்ப நினைப்பவர்களுக்கும், அகலம் குறைந்த கூரை உடையவர்களுக்கும், நாற்சரிவு வீட்டில் 5 கிலோவாட் வேண்டும் என்பவர்களுக்கும் நேரடி அளவுதான் தீர்வு. நிறுவுபவரிடம் பரப்பைக் கேட்பதைவிட, ஒவ்வொரு சரிவிலும் பேனல் நெடுக்கா படுக்கையா, எத்தனை வரிசை, முகட்டிலும் தாவாரத்திலும் எவ்வளவு விட்டிருக்கிறார் என்பதைக் காட்டும் அளவிட்ட படத்தைக் கேளுங்கள். அதில் சரிவின் நீளம் என்று எழுதியிருக்கும் எண் வரைபடத்தில் உள்ள கிடைத் தூரத்துக்குச் சமமாக இருந்தால், சரிவைச் சேர்க்கவில்லை என்று பொருள். அதைவிட ஏறத்தாழ 55 விழுக்காடு கூடுதலாக இருந்தால், 50 விழுக்காடு சரிவை 50 பாகை என்று யாரோ படித்திருக்கலாம். கைமரங்களின் இடைவெளியும் அந்தப் படத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் கொக்கிகள் ஓட்டில் அல்ல, கைமரத்தில்தான் திருகப்படும். கைமர இடைவெளியும் பேனல் வரிசையும் ஒத்துவராத இடத்தில் நீளச் சட்டம் குறுக்கே போட வேண்டியிருக்கும், அதன் செலவு விலைப்பட்டியலில் தனி வரியாக வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.